எந்த முன்பு?

"மேட்டூர் அணையின் நீர்மட்டம் முன்பை விட உயர்ந்திருக்கிறது." ஜூன் மாதம் செய்தித்தாளில் இப்படி ஒரு வரி வந்தால், நாற்றங்காலுக்குத் தயாராகும் தஞ்சாவூர் விவசாயிக்கு அது எதற்கும் உதவாது. முன்பு என்றால் நேற்றா, போன மாதமா, சென்ற ஆண்டு இதே நாளா?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இன்று 92 அடி, நேற்று 91 அடி, சென்ற ஆண்டு இதே நாளில் 103 அடி. நேற்றோடு பார்த்தால் ஏற்றம், சென்ற ஆண்டோடு பார்த்தால் 11 அடி இறக்கம். இரண்டும் உண்மைதான். எழுதியவர் எதை மனதில் வைத்தார் என்பது மட்டும் வாசகருக்குத் தெரியாது. வேண்டுமென்றே மறைக்க நினைப்பவருக்கும் இந்த வரிதான் வசதி.

அணை நீர் பருவத்தோடு ஏறி இறங்குவது. அதனால் சென்ற ஆண்டின் இதே தேதியோடு ஒப்பிடுவதே முறை. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 ஜூனில் மேட்டூரில் 50 அடித் தண்ணீர்கூட இல்லை. வழக்கமான ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்க முடியவில்லை. 2025 ஜூனில் 110 அடியைத் தாண்டி நின்றது. "சென்ற ஆண்டைப்போல் இரு மடங்குக்கும் மேல்" என்று அப்போது எழுதியிருந்தால், அது 2025-இன் வளத்தைவிட 2024-இன் வறட்சியைத்தான் அதிகம் சொல்லியிருக்கும். ஒப்பிட எடுத்த ஆண்டே அசாதாரணமானது என்றால், அதைச் சொல்லிவிட வேண்டும். அல்லது பல ஆண்டுச் சராசரியைச் சேர்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவமழையை "இயல்பை விட அதிகம்" என்னும்போது, அந்த இயல்பு 1971 முதல் 2020 வரையிலான சராசரி. சொல் சின்னதுதான், பின்னால் 50 ஆண்டுக் கணக்கு நிற்கிறது.

எந்த அளவையில் ஒப்பிடுகிறோம் என்பதும் விடுபடக் கூடாது. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 90 அடி என்றதும் முக்கால் அணை நிறைந்ததாகத் தோன்றும். நீர்ப்பரப்பு மேலே போகப் போக விரிவதால், அப்போது இருப்பு பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். கீழே ஏறும் ஓர் அடியும் மேலே ஏறும் ஓர் அடியும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. ஆகவே பாசனம் பற்றிய செய்தியில் அடியோடு டி.எம்.சி.யும் வேண்டும்.

முதல் வரியை இனித் திருத்தலாம்: "மேட்டூர் நீர்மட்டம் இன்று காலை 92 அடி. நேற்றைவிட 1 அடி அதிகம். சென்ற ஆண்டு இதே நாளைவிட 11 அடி குறைவு." பழைய எண் கைக்கு எட்டாவிட்டால் ஒப்பீட்டையே வெட்டிவிட்டு 92 அடி என்று மட்டும் போடலாம். குறுவைக்குத் திறக்க 90 அடியாவது இருக்க வேண்டும் என்பது டெல்டாவில் பழகிய கணக்கு. மீதியை விவசாயியே போட்டுக்கொள்வார்.