விரிக்கிறவர் மடிக்க வேண்டாம்

மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளில் ஆயுத பூஜை முடிந்த கையோடு தீபாவளிப் பேச்சு தொடங்கிவிடும். ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்கு முன்னால், ஊழியர்களைத் தரைத்தளத்தில் நிறுத்தி மேலாளர் பேசுவார். பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: சிரித்த முகமாக இருங்கள், வாடிக்கையாளர் தெய்வம், இந்த மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுத் தத்தம் கவுண்டருக்குப் போவார்கள்.

2025 அக்டோபரில் அங்கே மூன்று தளங்கள் கொண்ட ஒரு நடுத்தரக் கடையில் நான் கேட்ட பேச்சு வேறு மாதிரி இருந்தது. அந்த மேலாளர் சேலைக் கவுண்டரில் எடுபிடியாகச் சேர்ந்து மேலே வந்தவர். அவர் கையில் ஒரு காலண்டர் இருந்தது.

"தீபாவளி இருபதாம் தேதி, திங்கக்கிழமை. நமக்கு மூணு ஞாயித்துக்கிழமை இருக்கு. அஞ்சு, பன்னெண்டு, பத்தொன்பது. மூணுலயும் ஒரே கூட்டம் வராது. அதை இப்பவே மனசுல வாங்கிக்கங்க" என்று தொடங்கினார்.

ஐந்தாம் தேதி வருகிறவர்கள் தைக்கக் கொடுப்பவர்கள். பண்டிகைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தையல்காரர்கள் புதுத்துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதனால் சட்டை பிட், ஜாக்கெட் பிட், பாவாடைத் துணி எல்லாம் அன்றைக்கே போக வேண்டும். பன்னிரண்டாம் தேதி போனஸ் பணம் வரும். குடும்பம் குடும்பமாக வருவார்கள், சேலைத் தளம் நிரம்பும். பத்தொன்பதாம் தேதி பண்டிகைக்கு முந்தின நாள். அன்று சேலையை நிதானமாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. குழந்தைகளுக்கும் ஆண்களுக்குமான ரெடிமேடுதான் ஓடும். ஆகவே பதினெட்டாம் தேதி இரவே சேலைத் தளத்திலிருந்து நான்கு பேர் ரெடிமேடு தளத்துக்கு மாற வேண்டும். யார் அந்த நான்கு பேர் என்று பெயரோடு சொன்னார். அவர்கள் அதற்கு முன்பே இரண்டு நாள் அங்கே நின்று, எந்த அளவு எந்த ராக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

அடுத்து அவர் அதிக நேரம் பேசியது மடிப்பைப் பற்றி. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் இருபது, இருபத்தைந்து சேலையாவது விரியும். பழகிய கைக்கே ஒரு சேலையைப் பழைய மடிப்பில் நேராக மடிக்க ஒரு நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு குடும்பம் எழுந்துபோன பிறகு இருபத்தைந்து நிமிட வேலை அந்தக் கவுண்டரில் மிச்சம் கிடக்கிறது. சாதாரண நாளில் அது தெரியாது. கூட்ட நாளில் அடுத்த குடும்பம் அந்தக் குவியலின் மேலேயே உட்காரும். மூன்று குடும்பம் போனால் மேசையில் எழுபது சேலை கிடக்கும். மறைந்துகிடப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். அவசரத்தில் மடித்தது வேறு ராக்குக்குப் போய்விடும்.

"கூட்டம் ஜாஸ்தியானதால யாவாரம் கெடாது. குவியல்தான் கெடுக்கும். இந்த வருஷம் விரிக்கிறவர் மடிக்க வேண்டாம். ரெண்டு கவுண்டருக்கு ஒரு ஆளு மடிக்க மட்டும். அவர்கிட்ட யாரும் வேற வேலை சொல்லக் கூடாது, நான் உட்பட."

விரிக்கிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். சேலைக் கட்டை எடுக்குமுன் மூன்று கேள்வி: யாருக்கு, எந்த விலைக்குள், என்ன நிறம். பதில் வந்த பிறகு ஐந்து சேலை. பிடிக்கவில்லை என்று அந்த ஐந்தும் ஓரமாகப் போன பிறகுதான் அடுத்த ஐந்து. இருபத்தைந்தை ஒரேயடியாகக் கொட்டினால் வாங்க வந்தவருக்கும் தலை சுற்றும், முதலில் பிடித்தது எது என்பதே மறந்துபோகும்.

பல வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா இடைமறித்தார். "சார், மத்தியானம் மூணு மணிக்கு மேல எங்களுக்கே எது எங்கன்னு தெரியாது. அசந்துபோய் இல்லன்னு சொல்லிருவோம்."

மேலாளர் அதை மறுக்கவில்லை. "அதைத்தான்க்கா சொல்ல வந்தேன். போன வருஷம் இருக்குற சரக்கையே இல்லன்னு சொல்லி அனுப்பிருக்கோம். அது சோம்பேறித்தனம் இல்ல, கால்வலி. கால் வலிச்சா ஏணியில ஏற மனசு வராது. எந்தக் கவுண்டர்ல 'இல்ல'ங்கிற வார்த்தை அடிக்கடி கேக்குதோ, அங்க ஆளை மாத்தணும். சூப்பர்வைசர் திட்டக் கூடாது, உக்கார வைக்கணும்."

உட்காருவது இன்று சலுகை அல்ல, உரிமை. கேரளத்து ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் அங்கே இதற்குச் சட்டத்திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த திருத்தம், எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது. அதே சட்டம் ஒரு மணி நேர இடைவேளை தராமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், கூடுதல் நேரம் சேர்த்தும் ஒரு நாளில் பத்து மணி நேரத்தையும் வாரத்தில் 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றும் சொல்கிறது. பண்டிகைக் காலத்தில் பல கடைகளில் முதலில் காணாமல்போவது இந்த வரிகள்தான்.

இந்தக் கடையில் இடைவேளையைக் கணக்காகவே போட்டிருந்தார்கள். ஒரு தளத்தில் பன்னிரண்டு பேர். நான்கு நான்கு பேராகச் சாப்பிடப் போனால் எப்போதும் எட்டுப் பேர் கவுண்டரில் இருப்பார்கள். பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று பந்தி. ஆனால் கடை திறப்பது ஒன்பதரைக்கு. அப்போது வந்தவர் இரண்டு மணிப் பந்திக்குக் காத்திருந்தால் நாலரை மணி நேரம் ஆகிவிடும். அதனால் மூன்றாம் பந்திக்காரர்கள் காலையில் பத்தரைக்கு வந்தால் போதும். அவர்களே இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கும் இருப்பார்கள். முதல் பந்திக்காரர்கள் முன்னதாக வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஒவ்வொரு கவுண்டர் ஓரத்திலும் ஒரு ஸ்டூல். மாடிப்படியில் அட்டைப்பெட்டியோ கட்டோ வைத்தால் அன்றைக்கே குடோனுக்குத் திருப்ப வேண்டும். அது நெரிசலில் ஆட்கள் இறங்குகிற வழி.

கடைசியாக அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஊருக்கே புதுத்துணி எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கடைசி இரவில் மிச்சத்தில் தேடுவார்கள். "எட்டாம் தேதி புதன்கிழமை காலையில கடை திறக்குறதுக்கு முந்தி நீங்க எடுங்க. முழு ஸ்டாக்கும் இருக்கும். பில் தொகையை நாலு மாசமாப் பிடிச்சுக்கலாம்" என்றார். அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் முதல் சலசலப்பு எழுந்தது.

அவர் பேச்சில் 'உழைப்பு' என்ற சொல்லே வரவில்லை. யார் எங்கே நிற்பது, யார் மடிப்பது, எத்தனை மணிக்குச் சோறு, பிள்ளைக்கு எப்போது துணி என்பதற்கெல்லாம் பதில் இருந்தது. பண்டிகைக்கு முன் ஊழியர்களைக் கூட்டிப் பேசப்போகிற ஒவ்வொரு மேலாளரும், பேசுவதற்கு முந்தின இரவு வேலைநேரப் பட்டியலை எழுதி முடிக்கட்டும். அதில் யாருடைய சுமையும் குறையவில்லை என்றால், மறுநாள் காலையில் ஊழியர்களை நிறுத்திவைத்துப் பேசுவதைவிட அந்த நேரம் அவர்களை உட்கார விடுவது மேல்.