பேன் ஏன் திரும்பத் திரும்ப வருது? நாலு நாள் கணக்கு

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குறதுன்னு ஒரு பழமொழி இருக்கு. ஈர் பேனாக எத்தனை நாள் ஆகும்னு தெரிஞ்சுட்டா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க தலையில் பேன் ஏன் திரும்பத் திரும்ப வருதுங்கிறதுக்குப் பாதி விடை கிடைச்சுடும்.

பெண் பேன் முடியின் அடியில், தோலை ஒட்டி, ஒருவிதப் பசையால் ஈரை ஒட்டுகிறது. ஏழிலிருந்து பத்து நாளுக்குள் அது பொரிக்கும். வெளியே வரும் குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க, மேலும் ஒன்பது, பத்து நாள் ஆகும். அரிப்பு வருவது பேன் ஊர்வதால் அல்ல. கடிக்கும்போது இறங்கும் அதன் எச்சில் நம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாததால். முதல் தடவை பேன் பிடித்த பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். அதற்குள் பக்கத்துத் தலைகளுக்கும் போயிருக்கும். சிலருக்கு அரிப்பே இருக்காது.

செஞ்சியில் இருக்கும் என் அக்கா மகள் நான்காம் வகுப்பு. "மருந்து போட்டாச்சுடா, பதினஞ்சு நாள்ல மறுபடியும் சொறியுறா. ஸ்கூல்லேர்ந்துதான் வருது" என்றாள் அக்கா. பள்ளியிலிருந்தும் வரலாம். ஆனால் கடையில் விற்கும் பெர்மெத்ரின் மருந்து பேனைக் கொல்லுமே தவிர, எல்லா ஈரையும் கொல்லாது. அதனால்தான் ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாம் முறை போடச் சொல்கிறார்கள். பல வீடுகளில் அந்த இரண்டாவது முறை விட்டுப்போகிறது. சில ஊர்களில் பேனே அந்த மருந்துக்குப் பழகிவிட்டது.

மருந்தில்லாமல் சீப்பை மட்டும் வைத்து முடிக்க ஒரு கணக்கு உண்டு: 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் சீவ வேண்டும். நாலு நாளுக்கு ஒருமுறை சீவினால், புதிதாகப் பொரித்த குஞ்சு ஈர் வைக்கும் வயதுக்கு வருவதற்குள் சிக்கிவிடும். முதல் நாளில் இருந்த கடைசி ஈரும் அடுத்த பத்து நாளுக்குள் பொரித்திருக்கும். பதின்மூன்றாம் நாள் அதுவும் அகப்படும்.

சீவும் முறை இதுதான். தலையை நனைத்து கண்டிஷனர், இல்லையென்றால் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பேன் வேகமாக ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்த பிறகு, முடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பைத் தோலில் பதிய வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதல் கவனம் வேண்டும். நீள முடிக்கு அரை மணி நேரமாவது ஆகும். பிளாஸ்டிக் சீப்பின் பல் வளைந்து கொடுத்தால் குஞ்சு தப்பிவிடும். உலோகப் பல் நல்லது.

அக்கா ஞாயிற்றுக்கிழமை தொடங்கினாள். அன்று பெரியதும் சிறியதுமாக நிறைய வந்தது. வியாழக்கிழமை எள்ளைவிடச் சிறிய குஞ்சுகள் மட்டும். இது எதிர்பார்த்ததுதான், ஈர் பொரிக்கிறது. திங்கட்கிழமை முழுசாக வளர்ந்த ஒரு பேன் வந்தது. முதல் நாளுக்குப் பிறகு பொரித்த எதுவும் அதற்குள் அவ்வளவு வளர்ந்திருக்காது. அப்படியானால் ஒன்று விட்டுப்போயிருக்கணும், இல்லை வேறொரு தலையிலிருந்து வந்திருக்கணும். அன்று இரவே வீட்டில் எல்லார் தலையையும் பார்த்தார்கள். பிள்ளை பக்கத்தில் படுக்கும் ஆயா தலையில் இருந்தது. ஆயாவுக்கு அரிப்பே இல்லை. நரைமுடியில் ஈரும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் திங்களையே இருவருக்கும் முதல் நாளாக வைத்து வெள்ளி, செவ்வாய், சனி என்று முடித்தார்கள். கடைசி இரண்டு முறையும் துணி சுத்தமாக இருந்தது.

பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஊர்ந்து போகும். அதனால் வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவ வேண்டியதில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும். மேல்மலையனூருக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டால் அந்தப் பிள்ளைக்குப் பேன் போகும். ஆனால் பாயில் பக்கத்தில் படுப்பவர் தலையில் இருந்தால், முடி வளர்ந்ததும் மறுபடி வரும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இரண்டையும் தலையில் தடவவே கூடாது. தோல் வெந்துபோகும், தீப்பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தாலோ கழுத்தில் நெறி கட்டினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேன் போன பிறகும் வெள்ளை ஈர் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது பெரும்பாலும் வெறும் ஓடு. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து போட வேண்டாம். நடமாடும் பேன் ஒன்று சீப்பில் வந்தால் மட்டும் திரும்பவும் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள், வீட்டில் எல்லார் தலையையும் பார்த்துவிட்டு.