ஒரு முகவரி, இரண்டு கவிதாக்கள்

வெறும் 'கவிதா' என்று மின்னஞ்சல் முகவரி கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. என்றோ ஒருவர் எடுத்திருப்பார். பல வருடங்களாகத் திறந்தே பார்க்காமலும் இருப்பார். அதைப் பிடுங்கி நமக்குக் கொடுத்தால் என்ன?

2013 ஜூனில் யாகூ அதைத்தான் செய்தது. 12 மாதங்களுக்கு மேல் திறக்கப்படாத கணக்குகளின் பெயர்களைக் கேட்பவர்களுக்குத் தருவதாக அறிவித்தது. இடையில் 30 நாட்களுக்கு அந்த முகவரிக்கு வரும் அஞ்சல்களைத் திருப்பியனுப்பினால், அனுப்புகிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்பது கணக்கு. ஆனால் பெயர் கைமாறிய பிறகும் பழைய சொந்தக்காரரின் அஞ்சல்கள் புதியவர்களின் பெட்டியில் வந்து விழுந்தன.

அடுத்தவர் கடிதம் வருவதுகூடப் பெரிய ஆபத்தில்லை. பழைய கவிதா அந்த முகவரியைக் கொடுத்து ஃபேஸ்புக் கணக்கு தொடங்கியிருந்தார் என்று வையுங்கள். புதிய கவிதா அங்கே போய் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் போதும், சாவி இவர் பெட்டிக்கு வந்துவிடும். எதையும் உடைக்க வேண்டியதில்லை.

இதற்கு இரு நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து கண்ட வழி அழகானது. அஞ்சலின் தலைப்பில் ஃபேஸ்புக் ஒரு வரி சேர்க்கும்:

```
Require-Recipient-Valid-Since: kavitha@example.com; Mon, 5 Mar 2012 10:00:00 +0530
```

'இந்த முகவரி அன்று யாரிடம் இருந்ததோ, அவரிடமே இன்றும் இருந்தால் மட்டும் கொடு' என்று பொருள். முகவரி அதன் பிறகு கைமாறியிருந்தால் யாகூ அஞ்சலைத் திருப்பிவிடும். 2014-ல் RFC 7293 என்ற எண்ணில் இது பொது நெறிமுறையாக வெளியானது. ஆனால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் இதைக் கடைப்பிடித்தால்தான் பலன். உங்கள் மளிகைக் கடைச் செயலி இந்த வரியைச் சேர்க்கும் என்று நம்பாதீர்கள்.

உண்மையான கோளாறு, பெயரையே ஆளாக நினைப்பதில் இருக்கிறது. 'கூகுள் மூலம் உள்நுழை' என்று அழுத்தும்போது அந்தத் தளத்துக்கு உங்கள் மின்னஞ்சலோடு `sub` என்ற அடையாள எண்ணும் போகிறது. எண் மாறாது, இன்னொருவருக்கும் போகாது. அதையே நம்புங்கள் என்று கூகுள் நிரலர்களுக்குச் சொல்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்ட தளத்தில் நீங்கள் முகவரியை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. மின்னஞ்சலை மட்டும் குறித்துவைத்த தளமோ உங்களைப் புது ஆளாக எண்ணிக் காலிக் கணக்கைத் திறந்துவைக்கும். பழைய ஆர்டர்களைக் காணோம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அழிக்கப்பட்ட ஜிமெயில் முகவரியைக் கூகுள் வேறு யாருக்கும் தருவதில்லை. நல்ல பெயர்கள் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். என்னைக் கேட்டால் அதுவே சரி. எல்லா நிறுவனங்களும் அப்படியில்லை. எனவே பழைய முகவரியைக் கைவிடுமுன் அதன் பெட்டியில் 'verify', 'welcome' என்று தேடுங்கள். எங்கெல்லாம் அதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். வங்கியில் தொடங்கி ஒவ்வோரிடமாக மாற்றிவிடுங்கள்.