அவையும் ஏடும் – 9: பெயர் ஏறும் வாக்கு

இந்திய நாடாளுமன்றத்தில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பின் வழியே எடுக்கப்படுகின்றன. அதாவது, ஏற்போர் ‘ஆம்’ என்றும் மறுப்போர் ‘இல்லை’ என்றும் ஒருமித்துக் குரல் எழுப்ப, அவையை நடத்துபவர் எந்தப் பக்கம் ஓங்கி ஒலித்தது என்பதைத் தம் கணிப்பாகக் கூறுகிறார், அந்தக் கணிப்பை எவரும் மறுக்காவிட்டால் அதுவே அவையின் முடிவாகிவிடுகிறது. இம்முறையில் தீர்மானம் நிறைவேறியதா, தோற்றதா என்பது மட்டுமே குறிப்பில் ஏறும். எத்தனை பேர் ஆதரித்தனர் என்ற எண்ணிக்கைகூட அதில் இருக்காது, யார் யார் என்ற கேள்விக்கோ இடமே இல்லை.

பெயர்கள் பதிவாக வேண்டுமானால் ‘டிவிஷன்’ கோரப்பட வேண்டும். உறுப்பினர்களை இரு பக்கமாகப் பிரித்து எண்ணும் வாக்கெடுப்புக்கு அவைகளில் வழங்கும் பெயர் இது. மக்களவை நடத்தை விதிகளில் 367ஆம் விதி இதன் படிகளை வகுத்துள்ளது. சபாநாயகரின் கணிப்பை உறுப்பினர் ஒருவர் மறுத்தால், அவையை ஒட்டிய கூடங்களிலிருந்து பிறரை வெளியேற்ற ஆணையிடப்படுகிறது. மூன்றரை நிமிடம் கழித்து, அதற்குள் வளாகத்தின் பிற பகுதிகளில் இருக்கும் உறுப்பினர்கள் மணியோசை கேட்டு அவைக்குள் வந்து சேர, தீர்மானம் இரண்டாம் முறை வாக்குக்கு விடப்படுகிறது. அப்போதும் சபாநாயகரின் கணிப்பு மறுக்கப்பட்டால்தான் எண்ணிக்கை தொடங்கும். ஆக, பெயர்ப் பதிவு தானாக வருவதில்லை. ஒருவர் எழுந்து, உரிய நேரத்தில், இருமுறை கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாகவே அது அமைந்துள்ளது. அரசமைப்புத் திருத்த மசோதாக்களை நிறைவேற்றும் கட்டங்கள் இதற்கு விலக்கு. அவற்றுக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால், யாரும் கேட்காவிட்டாலும் எண்ணியே ஆக வேண்டும்.

இதே விதியில் ஒரு துணைக்கூறு உண்டு. டிவிஷன் தேவையின்றிக் கோரப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பினரையும் அவரவர் இடத்திலேயே எழுந்து நிற்கச் செய்து தலைகளை எண்ணி முடிவை அறிவிக்கலாம் என்றும், அவ்வாறு செய்யும்போது வாக்களித்தோரின் பெயர்கள் பதிவு செய்யப்படமாட்டா என்றும் அது கூறுகிறது. எண்ணிக்கை வேறு, பெயர் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விதியும் சொல்வதில்லை. சிறுபான்மைத் தரப்பு டிவிஷன் கேட்பது பெரும்பாலும் வெல்வதற்காக அல்ல, எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவரின் நிலையும் ஏட்டில் ஏற வேண்டும் என்பதற்காக. அந்த நோக்கத்தை இத்துணைக்கூறு ஒரே வரியில் இல்லாமல் செய்துவிட வல்லது.

பெயர் எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிய 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் நடந்த வாக்கெடுப்பு நல்ல சான்று. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்த வழிசெய்யும் 129ஆவது அரசமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகம் செய்வதற்கே எதிர்ப்பு எழுந்ததால் டிவிஷன் நடத்தப்பட்டது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் மின்னணுக் கருவி வாக்கெடுப்புக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை. கருவியில் பச்சைப் பொத்தான் ஆதரவுக்கும், சிவப்பு எதிர்ப்புக்கும், மஞ்சள் எப்பக்கமும் சேராமைக்கும் உரியவை. உறுப்பினர் தமக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்து, முதல் மணி ஒலித்ததும் வாக்களிப்பு விசையையும் தாம் விரும்பும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, இரண்டாம் மணி ஒலிக்கும்வரை கையை எடுக்காதிருக்க வேண்டும். கை சற்று முன்பே விலகினாலோ, பிறர் இருக்கையில் அமர்ந்து அழுத்தினாலோ பதிவு பிழையாகிவிடும்.

அன்று கருவியின் பலகை முதலில் காட்டிய கணக்கு ஆதரவு 220, எதிர்ப்பு 149. இது திருத்தத்துக்கு உட்பட்ட கணக்கே என்பதால், வாக்கு பதிவாகாதவர்களும் பிழையாகப் பதிவானவர்களும் சீட்டு கேட்டுப் பெற்றனர். இச்சீட்டு சிறியதாயினும் நுணுக்கமாக அமைக்கப்பட்ட ஓர் ஆவணம்: ஆதரவுக்குப் பச்சை எழுத்தும் எதிர்ப்புக்குச் சிவப்பு எழுத்தும் கொண்டது; உறுப்பினர் தாம் விரும்பும் பக்கத்தில் தம் பெயர், அடையாள எண் முதலியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு அவை அலுவலரிடம் தர வேண்டும். கையொப்பம் இருப்பதால், பொத்தானை அழுத்திய விரலைவிட இச்சீட்டே வலுவான சான்று எனலாம். சீட்டுகளும் சேர்க்கப்பட்ட பின் ஆதரவு 269, எதிர்ப்பு 198 என முடிவு அறிவிக்கப்பட்டது. இரு தரப்பிலும் சரியாக 49 கூடியிருந்தன என்பது தற்செயலே. ஆனால் மொத்தம் 98 வாக்குகளைப் பலகை காட்டவில்லை என்பது, பலகையைப் படம் பிடித்து உடனே பரப்புவோர் நினைவில் கொள்ள வேண்டியது. அவை நடவடிக்கைத் தொகுப்பில் டிவிஷன் பட்டியல் அச்சாகும்போது, சீட்டின் வழி வாக்கைப் பதிந்தவர்களும் திருத்திக்கொண்டவர்களும் அடிக்குறிப்பில் தனியே காட்டப்படுவர். பட்டியலின் மேற்பகுதியை மட்டும் படித்து, இன்னார் வாக்களிக்கவில்லை என்று எழுதுவது பத்திரிகையாளருக்கும் ஆய்வாளருக்கும் எளிதில் நேரும் பிழை.

அவைக்கு வராதோரின் பெயர்கள் பட்டியலில் அச்சாவதில்லை என்பது இதன் மற்றொரு வரம்பு. அவைக்கு வந்து மஞ்சள் பொத்தானை அழுத்தியவரைப் பட்டியல் காட்டும். வராமலே இருந்தவரையோ, வந்தும் எந்தப் பொத்தானையும் தொடாதவரையோ, மொத்த உறுப்பினர் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கழித்துத்தான் கண்டறிய முடியும். மேற்சொன்ன வாக்கெடுப்பில் வராத தம் உறுப்பினர்களிடம் ஆளும் கட்சி விளக்கம் கேட்க இருப்பதாகச் செய்திகள் வெளிவந்ததற்கு, அத்தகைய கழித்தல் கணக்கே அடிப்படையாக இருந்திருக்க முடியும். அரசமைப்பின் பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களிப்பதையும் முன் அனுமதியின்றி வாக்களிக்காதிருப்பதையும் பதவியிழப்புக்குரிய செயல்களாகக் கொள்கிறது. ஆகவே வாக்காளருக்குத் தம் உறுப்பினரைக் காட்டிக்கொடுக்கும் அதே பதிவு, கொறடாவுக்கும் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பை ரகசியமாக நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, பேரவைத் தலைவரால் மறுக்கப்பட்டதன் உட்பொருள் இதுவே. அரசு 122 வாக்குகளுக்கு 11 என்ற கணக்கில் வென்றது. எதிர்த்த பதினொருவரும் யார் என்பது வெளிப்படையாக இருந்ததால், அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

பதிவே இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் நிறைவேறிய விதத்தைக் காட்டலாம். மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தோரில் தி.மு.க.வின் திருச்சி சிவாவும் ஒருவர். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கோரினர். கோருவோர் தம் இருக்கையில் இருக்க வேண்டும், அவை ஒழுங்கில் இருக்க வேண்டும் என்ற காரணங்களைக் கூறித் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்போடு முடித்துக்கொண்டார். கோரியோர் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்ற தகராறு பின்னர் நெடுநாள் நீண்டது. விதியின் எழுத்தில் துணைத் தலைவருக்கு ஆதாரம் இருந்திருக்கலாம். எனினும் அவ்வளவு கடும் எதிர்ப்புக்குள்ளான மசோதாக்களுக்குச் சில நிமிடம் அவையை ஒத்திவைத்து, ஒழுங்கு திரும்பியபின் எண்ணியிருப்பதே முறையாகும். அச்சட்டங்கள் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அன்று மாநிலங்களவையில் அவற்றை ஆதரித்தவர் யார், மறுத்தவர் யார் என்று தேடுவோருக்கு உறுப்பினர்களின் பேச்சுகள் கிடைக்கும். வாக்குப் பட்டியல் கிடைக்காது.