நடுராத்திரியில் உடம்பு பற்றி எரிகிறதா?

"டாக்டரய்யா, எனக்கு உடம்புல சூடு ஏறிப் போச்சு. எவ்வளவு குளிர்ச்சி பண்ணினாலும் இறங்க மாட்டேங்குது."

சொன்னவர் 49 வயது அம்மா. சொந்தமாக இட்லிக் கடை நடத்துகிறார். கூடவே மகளும் வந்திருந்தாள். எட்டு மாதமாக இந்தத் தொல்லை. தினமும் ராத்திரி ஒரு மணி, ஒன்றரை மணிக்கு நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு அனல் கிளம்பி, கழுத்து, முகம் என்று பரவுகிறது. படபடவென்று இருக்கிறது. ஜாக்கெட் பிழிகிற அளவுக்கு வேர்வை. நாலைந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, அடுத்தாற்போல குளிர் எடுக்கிறது. மாரடைப்போ என்று பயந்து ஈ.சி.ஜி. கூட எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.

குளிர்ச்சி என்று அவர் செய்த வைத்தியங்களைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள். காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் இளநீர், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், ராத்திரி ஈரத்துணியால் துடைத்த தரையில் வெறுமனே படுப்பது. இதில் எதுவும் கெடுதல் இல்லை. ஆனால், எதுவும் கேட்கவில்லை.

"மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா அம்மா?" என்று கேட்டேன். அம்மா தயங்கினார். மகள்தான் சொன்னாள்: "ரெண்டு மாசம் வரும், மூணு மாசம் வராது டாக்டர். ஒரு வருஷமாவே இப்படித்தான்."

விஷயம் அங்கேதான் இருந்தது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்தைய சில வருடங்களிலேயே சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு நாள் ஏறி, ஒரு நாள் இறங்கி, பிறகு மெல்ல மெல்ல வற்றுகிறது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் உடம்பு ஏன் எரிய வேண்டும்? எட்டு வயதுச் சிறுமிக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவுதானே, அவளுக்கு ஏன் வருவதில்லை? குறைவாக இருப்பது மட்டும் காரணமல்ல. முப்பது, முப்பத்தைந்து வருடம் அதற்குப் பழகிப்போன மூளையிடமிருந்து அதைப் பிடுங்குவதுதான் காரணம். அதனால்தான் ஆபரேஷன் செய்து இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு இந்தத் தொல்லை திடீரென்று, கடுமையாக வருகிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் இருக்கிறதல்லவா, அந்த வேலையை உடம்புக்குச் செய்வது இதுதான். உடம்பின் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சாதாரணமாக அது கண்டுகொள்ளாது. அதிலேயே உள்ள சில நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜன் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த செல்கள் பருத்து, அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. தெர்மோஸ்டாட்டுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு போர்வையின் கதகதப்பு, ஒரு டம்ளர் சூடான காபி போதும், 'ஐயோ, சூடு தாங்கலை' என்று கூக்குரல் போடுகிறது. உடனே தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது. உள்ளிருந்த வெப்பம் தேவைக்கு மேல் வெளியே போய்விடுவதால்தான் கடைசியில் குளிர் எடுக்கிறது.

ஆகவே, இது உடம்பில் சூடு ஏறுவதல்ல. ஏறாத சூட்டை ஏறிவிட்டதாக நினைத்து உடம்பு வெளியே தள்ளுவது! சித்த மருத்துவனான நானே இதைச் சொல்கிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். அழல் கூடினால் குளிர்ச்சி கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் இல்லாத சூட்டைத் தணிக்க இளநீரால் முடியாதே!

அந்த அம்மாவிடம் ஒரு தெர்மாமீட்டரையும் நோட்டையும் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரம் ஒவ்வொரு முறை வேர்க்கும்போதும் பார்த்து மகள் எழுதினாள். ஒரு தடவைகூட 98.6 டிகிரியைத் தாண்டவில்லை.

இதை ஏன் செய்யச் சொன்னேன் என்றால், ராத்திரி வேர்வை எல்லாமே ஹார்மோன் வேலை அல்ல. சாயங்காலமானால் காய்ச்சல், கூடவே இருமலும் எடை குறைவும் இருந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். பகல் முழுக்கவே உஷ்ணம் தாங்காமல், கை நடுங்கி, உடம்பு இளைத்தால் தைராய்டு டெஸ்ட் அவசியம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் நடுராத்திரி நடுக்கமும் பசியுமாக வேர்த்து எழுந்தால், முதலில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். அது 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதை 'வயசுக் கோளாறு' என்று விட்டால் ஆபத்து.

இட்லிக் கடை அம்மாவுக்குத் தைராய்டும் சர்க்கரையும் சரியாகவே இருந்தன. நோட்டில் வேறு இரண்டு சங்கதிகள் அகப்பட்டன. கடையில் பால், டிகாக்‌ஷன் சரியா என்று ருசி பார்த்தே ஒரு நாளைக்கு ஆறேழு டம்ளர் காபி உள்ளே போகிறது. அடுத்து, ராத்திரி கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட மதியம் இரண்டு மணி நேரம் படுக்கிறார், ராத்திரியும் எட்டரைக்கே படுத்துவிடுகிறார். அவர் எழுந்திருக்க வேண்டியதோ நாலு மணிக்கு. வேர்வை எழுப்புவது ஐந்து நிமிஷம்தான். அதற்கப்புறம் மணியைப் பார்த்து, 'இன்னும் ரெண்டரை மணி நேரம்தான் இருக்கே' என்று கவலைப்பட்டே ஒரு மணி நேரம் விழித்துக் கிடக்கிறார்.

மதியம் மூன்று மணிக்கு மேல் காபி கூடாது என்றேன். பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தி, ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் படுக்க வேண்டும். கடிகாரம் கண்ணில் படக்கூடாது. பக்கத்திலேயே மாற்று காட்டன் ஜாக்கெட், ஒரு துண்டு, சொம்பில் தண்ணீர். வேர்த்ததும் மாற்றிக்கொண்டு படுக்க வேண்டும். தூக்கம் வராவிட்டால் புரண்டு கொண்டிருக்காமல் எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுக்க வேண்டும். மருந்தாக, தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம் ஒரு டீஸ்பூன், இரவு இளஞ்சூடான பாலில். இது எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், தங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இதற்கெல்லாம் அடங்காத கடுமையான தொல்லைக்கு, அலோபதியில் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சைதான் அதிகப் பலன் தருவது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்கள் அதோடு புரொஜெஸ்டிரோனும் சேர்த்து எடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. மூளையில் அந்த நரம்பு செல்களையே குறிவைக்கும், ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒன்றுக்கும் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடையில் கேட்டு வாங்குகிற சமாசாரமல்ல இவை. மகளிர் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

ஒரு வருடம் மாதவிலக்கு நின்றபின் துளி ரத்தம் பட்டாலும் உடனே மகளிர் மருத்துவரிடம் போய்விடுங்கள். 'திரும்பவும் வந்திருக்கு' என்று சும்மா இருக்காதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு அது முதல் அடையாளமாக இருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். அனல் நிற்கவில்லை. பல பெண்களுக்கு இது ஏழு வருடம்கூட நீடிக்கும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் ராத்திரி மூன்று, நான்கு தடவை எழுந்தவர் இப்போது ஒரு தடவைதான் எழுகிறார், எழுந்தாலும் பத்து நிமிஷத்தில் தூங்கிப் போகிறார். சூரணம் எவ்வளவு வேலை செய்தது, காபியை விட்டது எவ்வளவு செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடையில் காபி ருசி பார்க்கிற வேலையை இப்போது மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.