புது ஓட்டில் பத்து மழைக்காலம்

பழைய வீட்டைக் கணினியில் முப்பரிமாணப் படமாக்குகிறவர்களுக்கு ஓட்டுக் கூரைதான் பெரிய சோதனை. சுவரும் ஜன்னலும் நிஜம்போல வந்துவிடும். மங்களூர் ஓடு மட்டும் நேற்றுச் சூளையிலிருந்து இறக்கியதுபோல் பளிச்சென்று நிற்கும். அவசரத்தில் பச்சை நிறத்தை ஆங்காங்கே தெளித்தால் கூரை பழசாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும்.

பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. நீளம் ஏறக்குறைய 41 செ.மீ.; மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் தலையை மூடும்படி அடுக்குவார்கள். அந்த ஒட்டுமடிப்பில் ஈரம் நெடுநேரம் நிற்பதால் பாசி அங்கேதான் முதலில் பிடிக்கும். முகடு வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். மர நிழல் விழும் பக்கமும் இறவாணத்தை ஒட்டிய வரிசைகளும் காயத் தாமதமாகும்.

பிளெண்டர் மென்பொருளில் இதைச் செய்ய முதலில் நிறத்தைக் கவனிக்க வேண்டும். சுட்ட மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. வெயிலில் எளிதில் வெளுக்காது. வெளிறியதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் தூசியும் மேலே படரும் நுண்ணுயிர்ப் படலமுமே காரணம். ஆகவே வெளிர்சிவப்பைச் சேர்க்காமல் சாம்பலையும் கரும்பழுப்பையும் சேர்ப்பது நல்லது. `Object Info` கணுவின் `Random` வெளியீட்டை `Color Ramp` கணுவில் இணைத்தால் ஒவ்வொரு ஓடும் சற்றே வேறு நிறம் பெறும். உடைந்ததற்குப் பதிலாக மாற்றியவைபோல் இரண்டு மூன்று ஓடுகளைப் புதுச்சிவப்பாகவே விட்டுவிடலாம்.

அடுத்தது மழைக்கோடு. `Noise Texture` கணுவைச் சரிவின் குறுக்கே நெருக்கி, சரிவின் நீளத்துக்கு இழுத்தால் கோடு கிடைக்கும். குறுக்கே 8, நீளத்தில் 0.3 என்று `Mapping` அளவை வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டின் சொந்த ஆயத்தைப் பயன்படுத்தினால் கோடு ஓட்டுக்கு ஓடு அறுந்துபோகும். தண்ணீரோ அப்படி நின்று நின்று ஓடாது. அதனால் சரிவுக்கு ஏற்பச் சாய்த்த ஒரு வெற்றுப் பொருளை `Texture Coordinate` கணுவின் `Object` கட்டத்தில் கொடுத்து, முழுக் கூரைக்கும் ஒரே ஆயத்தை வைக்க வேண்டும்.

பாசிக்கு `Ambient Occlusion` கணு உதவும். தூரத்தை 3 செ.மீ. என வைத்து விளைவைத் தலைகீழாக்கினால் இடுக்குகள் மட்டும் வெண்மையாகும். அதோடு ஒரு பெரிய நாய்ஸைப் பெருக்கினால் சில இடுக்குகள் வெறுமையாகவே நிற்கும். நிழல் பக்கத்தில் அளவைக் கூட்டி, முகட்டருகே பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். அருகிலிருந்து காட்டும் படத்துக்கு நிறம் மட்டும் போதாது. பாசிக்குச் சில மில்லிமீட்டர் தடிமனும் வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் படத்தைச் சிறிதாக்கலாம். பாசி கூரை முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால் தவறு அந்தப் பெருக்கலில் இருக்கிறது. பாசி சரியாக இருந்தும் கூரை புதிதாகவே தெரிந்தால், வரிசைகள் அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பாகைக்குள் முன்பின்னாகத் திருப்பினாலே அந்தக் குறை தீரும்.