ஒரு லட்சம் லிட்டரும் ஒரு நிபந்தனையும்

வீட்டு மாடியில் மழைநீர் சேகரிப்பது பற்றி நீங்கள் 2000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் எவ்வளவு மழை பெய்கிறது, ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், குழாயை எங்கே இறக்க வேண்டும், 2003-இல் தமிழக அரசு கட்டாயமாக்கிய பிறகும் பல வீடுகளில் அந்த அமைப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று எல்லாமே அதில் இருக்கிறது. இதையே ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று வாசகர் இருக்கும் இடங்களுக்கெல்லாம் கொண்டுபோக விரும்புகிறீர்கள். பலரும் முதலில் செய்வது கட்டுரையைச் சுருக்குவதுதான். 2000 சொற்கள் 200 ஆகும்; அதையே எல்லா இடத்திலும் ஒட்டுவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. சுருக்கத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதுவும் முழுதாக இருக்காது.

சுருக்குவதை விட்டுவிட்டுப் பிரித்தெடுக்க வேண்டும். கட்டுரையைத் தாளில் அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். முன்னும் பின்னும் படிக்காத ஒருவருக்கும் புரியும் பத்திகளை மட்டும் கோடிட்டு வையுங்கள். நம் கட்டுரையில் அப்படி ஏழெட்டு தேறும். அவற்றில் வியக்க வைக்கும் செய்தி இருந்தால் அது பதிவாகும். கணக்கோ ஒப்பீடோ இருந்தால் படமாகும். கையால் செய்து காட்டக்கூடியது எதுவோ அது காணொளியாகும். மீதிப் பத்திகள் கட்டுரையிலேயே இருக்கட்டும்.

கணக்குப் பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெருக்கினால் 1,30,000 லிட்டர் வருகிறது. ஆவியாவதும் தெறிப்பதும் போக 80 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். கட்டுரையில் வாசகர் நின்று கவனிக்கும் இடம் இதுதான். எனவே முதல் பதிவு இப்படி எழுத வரும்: “உங்கள் வீட்டு மாடியில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர்!”

அங்கேதான் பிழை. கட்டுரையின் அடுத்த பத்தியில், இது ஓராண்டு முழுவதற்குமான அளவு என்றும், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொட்டிவிடும் என்றும் நீங்கள் எழுதியிருப்பீர்கள். பதிவைப் பார்ப்பவர் அந்தப் பத்தியைப் பார்க்க மாட்டார். ஒரு லட்சம் லிட்டரும் தன் தொட்டியில் நிற்கும் என்று நினைப்பார். நீண்ட கட்டுரையில் ஒரு கூற்றையும் அதன் நிபந்தனையையும் இரண்டு பத்திகளில் பிரித்து வைக்கலாம். துண்டாக்கும்போது இரண்டும் ஒரே துண்டில் இருந்தாக வேண்டும். இந்த வேலை முழுவதிலும் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். சரியான பதிவு இப்படி இருக்கும்:

“சென்னையில் 1000 சதுர அடி மாடியில் ஓராண்டில் விழும் மழையில் சுமார் 1 லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். தொட்டி போதாது, கிணற்றுக்கும் வழி வேண்டும்.”

இதில் 26 சொற்கள்தான். ஆனால் எக்ஸ் தளத்தின் கணக்கில் 209 குறிகள். அங்கே கட்டணமில்லாத கணக்குக்கு எல்லை 280. நாம் ஓர் எழுத்தாகப் பார்க்கும் ‘கி’, ‘ம்’ போன்றவற்றை அது இரண்டாக எண்ணுகிறது: மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. எனவே தமிழில் ஒரு பதிவுக்கு முப்பது சொற்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

அதே கணக்கைப் படமாக்கும்போது நான்கு அட்டைகளாகப் பிரிக்கலாம்: மாடியின் பரப்பு, மழையின் அளவு, கழிவு போக மிச்சம், கடைசியாக மாதவாரியாக அது வரும் விதம். நான்காவது அட்டைதான் நிபந்தனை. அதை விட்டுவிட்டு மூன்றோடு நிறுத்தத் தோன்றும், நிறுத்தக் கூடாது. ஒருவர் மூன்றாம் அட்டையை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும் என்பதால், அதிலேயே “ஓராண்டு முழுவதும் சேர்த்து” என்ற மூன்று சொற்களைப் பெரிதாகவே போட்டுவிடுங்கள்.

அட்டையின் அளவு 1080க்கு 1350 பிக்சல் என்றால் கைபேசித் திரையை நன்றாக நிரப்பும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் இரண்டு மூன்றுக்கு மேல் நிற்காது. இடம் போதவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்காமல் சொற்களைக் குறையுங்கள். படத்தைச் சேமித்த பிறகு கணினியில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், கைபேசியில் கையெட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். அப்போது ‘கொ’, ‘பௌ’ போன்ற எழுத்துகளையும் பாருங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயங்காமல் இருந்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்காராமல் பின்னால் தனியாகத் தொங்கும். அந்த அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காணொளிக்கு நான் தேர்ந்தெடுப்பது முதல் மழைநீரை வெளியேற்றும் பகுதி. மாடியில் மாதக்கணக்கில் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு வரும். அதைத் தொட்டிக்கு விடாமல் தனி வால்வைத் திறந்து வெளியே விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு வால்வை மூட வேண்டும். இதை எழுத்தில் விளக்க இரண்டு பத்தி பிடிக்கும். கண்ணால் பார்த்தால் ஐந்து விநாடியில் புரியும்.

ஐம்பது விநாடிக் காணொளிக்கு நிதானமாகப் பேசினால் எண்பது சொற்கள் போதும். கட்டுரை வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். “முதல் மழைநீர் வெளியேற்றப்பட வேண்டும்” என்பது காதில் ஒட்டாது. “முதல் மழை பெய்யுறப்ப இந்த வால்வைத் தொறந்து விடுங்க” என்று சொல்லுங்கள். வணக்கமும் அறிமுகமும் தொடக்கத்தில் வேண்டாம். முதல் காட்சியிலேயே ஒரு கண்ணாடித் தம்ளரில் கலங்கிய நீர், பக்கத்தில் இன்னொன்றில் தெளிந்த நீர். பிறகு குழாய், வால்வைத் திறக்கும் கை, தொட்டிக்குப் போகும் நீர். நிஜ மழையில் எடுப்பதே நல்லது என்பதால், கட்டுரை எழுதும் காலத்திலேயே இந்தக் காட்சிகளைத் திட்டமிட்டுப் பதிவுசெய்து வையுங்கள்.

சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் போடுங்கள். ஆனால் திரையின் அடியில் வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் தலைப்பும், வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைத்துவிடும். நடுவுக்குச் சற்றுக் கீழே வைத்தால் எல்லா இடத்திலும் தெரியும்.

கட்டுரையில் எதைத் தொடாமல் விடுவது? பல வீடுகளில் மழைநீர் அமைப்பு ஏன் செயலிழந்தது என்ற பகுதியை நான் பிரிக்க மாட்டேன். வடிகட்டியில் மண் அடைப்பது, மழைக்கு முன் யாரும் அதைச் சுத்தம் செய்யாதது, வீடு கைமாறும்போது குழாய் எங்கே போகிறது என்றே தெரியாமல் போவது என்று ஒரு காரணம் இன்னொன்றில் தொங்கும் விளக்கம் அது. அதில் ஒன்றை மட்டும் பிய்த்துப் போட்டால் அந்த ஒன்றுதான் குற்றவாளி என்று ஆகிவிடும். “இதற்கான காரணங்களைக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்” என்று பதிவில் சொல்லி அங்கே அழைக்கலாம். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் போடும் இணைப்பை அழுத்தினால் திறக்காது. சுயவிவரப் பகுதியில் இணைப்பை வைத்து அதைச் சுட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிட வேண்டியதில்லை. மழைநீர் பற்றியது என்றால் செப்டம்பர்தான் காலம். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வாசகருக்கும் நேரம் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு என்று விடுங்கள். “அவ்வளவு தண்ணீரை எங்கே வைப்பது?” என்று பின்னூட்டங்களில் பலர் கேட்டால், நிபந்தனை அவர்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். பதில் எழுதுவதோடு நிறுத்தாமல் அட்டையையே மாற்றுங்கள்.

அதற்காகவே ஓர் அட்டவணை வைத்துக்கொள்வது நல்லது. இடது பக்கம் கட்டுரையின் ஒவ்வொரு எண்ணும் கூற்றும். வலது பக்கம் அது எந்தப் பதிவில், எந்த அட்டையில், காணொளியின் எந்த விநாடியில் இருக்கிறது என்ற குறிப்பு. மழையளவு தவறு என்று நாளை ஒருவர் சுட்டிக்காட்டினால், கட்டுரையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணைச் சுமந்து சுற்றும் மற்றத் துண்டுகளை இந்த அட்டவணை இல்லாமல் தேடிப் பிடிக்க முடியாது.